இலாபத்தில் எவ்வளவு உள்ளே நிற்கிறது, பங்கு எவ்வளவு பெறும்? வளர்ச்சி வீதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பங்குக் கணக்குத் திறந்தவர்கள், உயர்தர வர்த்தகப் பிரிவுக்குப் படிப்பிப்பவர்கள், சொந்தமாக ஆலை நடத்துபவர்கள் என்று பலர் என்னிடம் கேட்டவை இவை. எல்லாம் ஒரே கணக்கைச் சுற்றி வருவதால், ஒரே கம்பனியின் எண்களை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். கம்பனி கற்பனை. எண்கள் ஒரு பங்குக்கானவை, பொக்கெட் கல்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்.

வளர்ச்சி வீதத்தை எங்கிருந்து எடுக்கிறது அண்ணை? கடைசி ஐந்து வருட இலாப வளர்ச்சியின் சராசரி போதாதா?

போதாது. ஒரு கம்பனியின் இலாபம் இரண்டு வழியில் கூடும். ஒன்று, பங்குதாரர்களின் காசு கம்பனிக்குள் கூடுவது. மற்றது, அதே காசு முன்னரைவிடக் கூடுதலாக உழைப்பது. பங்குதாரர் நிதியில் 8% உழைத்த கம்பனி 16% உழைக்கத் தொடங்கினால் இலாபம் இரட்டிப்பாகும். அது நடந்த வருடங்களின் சராசரியை எடுத்தால் பிரமாதமான வளர்ச்சி தெரியும். ஆனால் அந்த ஏற்றம் ஒருமுறைதான். அடுத்த ஐந்து வருடத்தில் 16% போய் 32% ஆகும் என்று யாரும் கணக்குப் போடமாட்டார்கள்.

வெளியிலிருந்து புதிய மூலதனம் வாங்காமல், கடன் விகிதத்தையும் கூட்டாமல், ஒரு கம்பனி தொடர்ந்து ஓடக்கூடிய வேகம் ஒன்று இருக்கிறது. அதுதான் நிலைபேறான வளர்ச்சி வீதம். அதற்கு இரண்டு எண் போதும். பங்குதாரர் நிதி மீதான வருவாய் வீதம் ஒன்று. இதைச் சுருக்கி ஆர்ஓஇ என்கிறோம். இலாபத்தில் பங்கிலாபமாக வெளியே போகாமல் உள்ளே நிற்கும் பகுதி மற்றது. அது நிறுத்திவைப்பு வீதம்.

```
g = ROE × b
```

நம் கம்பனியில் வருட ஆரம்பத்தில் ஒரு பங்குக்குப் பின்னால் இருந்த பங்குதாரர் நிதி 50 ரூபா. அந்த வருடம் பங்கொன்றுக்கான உழைப்பு 9 ரூபா, கொடுத்த பங்கிலாபம் 3.60. ஆகவே ஆர்ஓஇ 18%. உள்ளே நின்றது 5.40, அதாவது இலாபத்தில் 60%. வளர்ச்சி வீதம் 18% × 0.60 = 10.8%.

இது சூத்திரத்துக்காகச் செய்த சூத்திரம் அல்ல. வருட இறுதியில் நிதி 55.40 ஆகிவிட்டது. அதுவும் 18% உழைத்தால் அடுத்த வருட உழைப்பு 9.97. அது 9 ரூபாவைவிடச் சரியாக 10.8% கூட.

ஆர்ஓஇக்கு வருட ஆரம்ப நிதியா, இறுதி நிதியா, சராசரியா? ஆண்டறிக்கையில் போட்டிருக்கிற வீதம் நான் போடுவதோடு பொருந்தவில்லையே.

இந்தச் சூத்திரத்துக்கு ஆரம்ப நிதிதான். ஆண்டறிக்கைகளில் சராசரி நிதியையோ இறுதி நிதியையோ வைத்துப் போட்டிருப்பார்கள். அது பிழையல்ல, அவர்களுடைய நோக்கம் வேறு. ஆனால் அந்த வீதத்தைத் தூக்கி நேரே நிறுத்திவைப்பு வீதத்தால் பெருக்கினால் வளர்ச்சி குறைந்து தெரியும். இறுதி நிதிக்குள் இந்த வருடம் நிறுத்திய காசு ஏற்கெனவே இருக்கிறது, அது இன்னும் உழைக்கத் தொடங்கவில்லை.

நம் கம்பனியில் இறுதி நிதியை எடுத்தால் 9 ÷ 55.40, ஏறத்தாழ 16.25%. வளர்ச்சி 9.75% என்று வரும். சராசரியை எடுத்தால் 10.25%. இறுதி நிதி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் இப்படித் திருத்தலாம்:

```
g = (ROE × b) / (1 − ROE × b)
```

0.0975 ஐ 0.9025 ஆல் வகுத்தால் மறுபடி 10.8% வந்துவிடும்.

ஏறத்தாழ ஒரு வீத வித்தியாசம்தானே என்று விட்டுவிட வேண்டாம். அது விலையில் என்ன செய்கிறது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

சரி, வளர்ச்சி வந்துவிட்டது. பங்கின் பெறுமதிக்கு எப்படிப் போவது?

அடுத்த வருடப் பங்கிலாபத்தை, நீங்கள் எதிர்பார்க்கும் வருவாய் வீதத்துக்கும் வளர்ச்சி வீதத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும்.

```
P = D1 / (r − g)
```

அடுத்த வருடப் பங்கிலாபம் 3.60 × 1.108 = 3.99. இந்தக் கம்பனியின் ஆபத்துக்கு நான் 16% வருவாய் கேட்கிறேன் என்று வைப்போம். இடைவெளி 5.2%. 3.99 ÷ 0.052, ஏறத்தாழ 77 ரூபா.

இப்போது முந்தைய கேள்விக்குத் திரும்புங்கள். சராசரி நிதியில் வந்த 10.25% ஐப் போட்டால் 69 ரூபா. இறுதி நிதியில் வந்த 9.75% ஐப் போட்டால் 63 ரூபா. கம்பனி ஒன்று, வருடம் ஒன்று, எதிர்பார்க்கும் வீதமும் ஒன்று. எந்தத் திகதி நிதியை எடுத்தோம் என்பதிலேயே 14 ரூபா போய்விட்டது. கீழே வகுக்கும் எண் சிறிதாக இருப்பதுதான் காரணம். 5.2% இடைவெளியில் ஒரு வீதம் ஆடுவது, ஐந்தில் ஒன்று ஆடுவதற்குச் சமம்.

எனக்கு 77 ரூபா வருகிறது. சந்தையில் 48 ரூபாவுக்குப் போகுது. வாங்கலாமா?

வாங்க முதல் அந்த 9 ரூபா எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் cse.lk தளத்தில் ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையும் காலாண்டுக் கணக்கும் இருக்கின்றன. அதில் வருமானக் கூற்றைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பின்னால் குறிப்புகளில் ‘ஏனைய வருமானம்’ என்ற பகுதிக்குப் போங்கள். நம் கம்பனியில், வரிக்குப் பிறகு பங்கொன்றுக்கு 1.80 ரூபா காணி விற்ற இலாபம் என்று வைத்துக்கொள்வோம். காணி ஒருமுறைதான் விற்கலாம். அதைக் கழித்தால் வழமையான உழைப்பு 7.20.

ஆர்ஓஇ 7.20 ÷ 50 = 14.4%. பங்கிலாபம் அதே 3.60 என்பதால் நிறுத்திவைப்பு 50% ஆகிறது. வளர்ச்சி 7.2%.

அடுத்த வருடத்தை நிதியிலிருந்தே தொடங்கிப் போடுவோம். விற்ற காசும் கம்பனிக்குள் நிற்பதால் நிதி 55.40 தான். அது 14.4% உழைத்தால் 7.98, அதில் பாதி பங்கிலாபம், 3.99. கவனியுங்கள், மேலே இருக்கும் பங்கிலாபம் சதமும் மாறவில்லை. முன்னரும் 3.99, இப்போதும் 3.99. கீழே மட்டும் 16 இலிருந்து 7.2 கழிந்து 8.8% ஆகிறது. விலை 45 ரூபா.

77 ரூபாவுக்கும் 45 ரூபாவுக்கும் இடையில் இருந்தது அந்தக் காணி ஒன்றுதான். 48 ரூபாவில் சந்தை தூங்கவில்லை.

காணி விற்பனை போலவே இன்னொன்று: வாடகைக்கு விட்ட முதலீட்டு ஆதனத்தின் சந்தைப் பெறுமதி ஏறினால், ஒரு சதம் காசு வராமலேயே அந்த ஏற்றம் இலாபத்துக்குள் வந்துவிடலாம். கம்பனி தானே பாவிக்கும் கட்டடத்தையும் காணியையும் மீள்மதிப்பிட்டால் நடப்பது நேர்மாறு. அந்த ஏற்றம் பெரும்பாலும் இலாபத்தைத் தொடாமல் நேரே பங்குதாரர் நிதிக்குள் போகும். நிதி வீங்கி ஆர்ஓஇ விழும்.

இவற்றைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஆரம்ப நிதியோடு இலாபத்தைக் கூட்டி, பங்கிலாபத்தைக் கழியுங்கள். இறுதி நிதி வர வேண்டும். 50 + 9 − 3.60 = 55.40. வராவிட்டால் உரிமையாண்மை மாற்றக் கூற்றைத் திறந்து, என்ன உள்ளே நுழைந்தது என்று தேடுங்கள். மீள்மதிப்பீடாக இருக்கும், அல்லது புதிய பங்கு வழங்கலாக இருக்கும். அதைப் பிரித்தெடுக்காமல் ஆர்ஓஇ போடக் கூடாது. ஆனால் காணி விற்ற இலாபம் இந்தச் சோதனைக்கு அகப்படாது, அது இலாபத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் குறிப்புகளைத்தான் வாசிக்க வேண்டும்.

பங்கிலாபத்தைக் குறைத்தால் வளர்ச்சி கூடும். அப்படியென்றால் விலையும் கூடத்தானே வேண்டும், சேர்?

உயர்தர மாணவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வருகிறார்கள், வரத்தான் வேண்டும். விடை ஆர்ஓஇ உங்கள் எதிர்பார்ப்பைவிடக் கூடவா குறைவா என்பதில் இருக்கிறது.

முதலில் ஆர்ஓஇ 18% என்றே எடுப்போம். அடுத்த வருட உழைப்பு 9.97. முழுவதையும் பங்கிலாபமாகக் கொடுத்தால் வளர்ச்சி பூச்சியம், பெறுமதி 9.97 ÷ 0.16 = 62 ரூபா. 60% நிறுத்தினால் முன்னர் கண்ட 77. நான் 16% கேட்கும் காசைக் கம்பனி 18% உழைக்கவைக்கிறது, அதனால் நிறுத்துவது எனக்கு நல்லது.

இனி 14.4% ஐ எடுங்கள். முழுவதையும் கொடுத்தால் 7.98 ÷ 0.16 = 50 ரூபா. பாதியை நிறுத்தினால் 45. கம்பனி வளர்கிறது, வருடம் 7.2% இலாபம் கூடுகிறது, ஆண்டறிக்கையின் வரைபடம் அழகாக ஏறுகிறது. ஆனால் பங்குதாரருக்கு ஐந்து ரூபா நட்டம். அந்தக் காசை என் கையில் தந்திருந்தால் அதே அளவு ஆபத்தில் 16% எடுத்திருப்பேன். வளர்ச்சியை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குபவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

சரி, 18% இல் இன்னும் நிறுத்தினால்? 80% நிறுத்தினால் வளர்ச்சி 14.4%, பெறுமதி 125 ரூபா. 89% நிறுத்தினால் வளர்ச்சி 16% ஐத் தாண்டி, கீழே எதிர்க்கணியம் வந்து, விடைக்குப் பொருளே இல்லாமல் போகும். சூத்திரத்தில் இல்லாத ஒன்றை அது கேட்டுக்கொண்டு நிற்கிறது: இத்தனை புதிய காசையும் 18% உழைக்கவைக்க இடம் எங்கே? முதல் ஆலை 18% உழைத்தது உண்மை. நிறுத்திய காசில் கட்டும் ஐந்தாவது ஆலையும் அதே வீதத்தில் உழைக்கும் என்பதற்கு எந்தக் கணக்கிலும் ஆதாரம் இல்லை.

இன்னொரு வழக்கமான பிழையும் இங்கேதான் நடக்கிறது. வளர்ச்சிக்கு 60% நிறுத்திவைப்பை எடுத்துவிட்டு, பங்கிலாபத்துக்குத் தாராளமாக உழைப்பின் 60% ஐப் போடுகிறார்கள். ஒரே ரூபா உள்ளேயும் நின்று வெளியேயும் வர முடியாது.

காணி கீணி ஒன்றும் விற்கவில்லை, 18% உண்மையான உழைப்புத்தான் என்றால் 77 சரிதானே?

அந்த 18% என்றென்றைக்கும் நீடித்தால் சரி. சூத்திரம் எடுத்துக்கொள்வது அதைத்தான், சாகும்வரை அல்ல, முடிவே இல்லாமல். 10.8% ஒரு நாட்டின் முழுப் பொருளாதாரமும் ரூபாக் கணக்கில் வளரும் வேகத்தைவிடக் கூட என்றால், அந்தக் கம்பனி ஒருநாள் நாட்டைவிடப் பெரிதாக வேண்டும். இலங்கை மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5%. அதோடு உண்மையான வளர்ச்சி மூன்று, நான்கு வீதம் என்று தாராளமாகக் கூட்டினாலும் 8% அல்லது 9% தான். நீண்டகாலத்துக்கு அதற்கு மேல் நான் போடுவதில்லை.

எந்த வருடத்து ஆர்ஓஇ என்பதும் முக்கியம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8% வரை போனது. பழைய விலைக்கு வாங்கிய கையிருப்பைப் புதிய விலைக்கு விற்ற கம்பனிகளுக்கு அந்தக் காலத்து ஆர்ஓஇ மிக உயரமாகத் தெரியும். அதே காலத்தில் திறைசேரி உண்டியல் வட்டியும் 30% ஐத் தொட்டது, பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அந்த வருட ஆர்ஓஇயையும் இன்றைய வட்டியில் கட்டிய எதிர்பார்ப்பு வீதத்தையும் ஒரே சூத்திரத்தில் போட்டால், இரண்டு வேறு நாடுகளின் கணக்கைக் கலப்பது போலத்தான்.

நான் செய்வது இது. 18% ஐந்து வருடம் நீடிக்கட்டும். அதற்குப் பிறகு போட்டி வந்து ஆர்ஓஇ 16% க்கு, அதாவது நான் எதிர்பார்க்கும் வீதத்துக்கே, இறங்கட்டும். அந்த நிலையில் காசை நிறுத்தினாலும் கொடுத்தாலும் ஒன்றுதான், பங்கு அதன் பின்னால் இருக்கும் நிதியின் அளவே பெறும். ஐந்து வருடத்தில் 55.40 ரூபா, வருடம் 10.8% வளர்ந்து 92.50 ஆகியிருக்கும். அதை 16% இல் இன்றைக்குக் கொண்டுவந்தால் 44 ரூபா. இடையில் வரும் ஐந்து பங்கிலாபங்களின் இன்றைய பெறுமதி 15.70. கூட்டினால் ஏறத்தாழ 60 ரூபா.

ஐந்து வருடம் நன்றாக உழைத்ததற்குக் கிடைத்த மேலதிகம், 55.40 க்கு மேல் நாலரை ரூபா. 77 இல் மீதி 17 ரூபாவும் ஐந்தாவது வருடத்துக்குப் பிந்திய நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை. சில கம்பனிகளுக்கு அந்த நம்பிக்கை தகும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பங்கிலாபத்தைக் காசாகத் தராமல் பங்காகத் தந்தார்கள். அதை நிறுத்திவைப்பில் சேர்க்கிறதா?

காசு வெளியே போகவில்லை, ஆகவே கம்பனியைப் பொறுத்தவரை நின்றதுதான். ஆனால் உங்கள் ஒரு பங்கின் வளர்ச்சிக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது, பங்குகளின் எண்ணிக்கையும் கூடிவிட்டது.

3.60 இல் பாதி காசு, பாதி பங்கு என்று வைப்போம். உள்ளே நிற்பது 7.20, நிறுத்திவைப்பு 80%, கம்பனி மொத்த இலாபத்தின் வளர்ச்சி 14.4%. பங்குகளை 60 ரூபா விலையில் கணக்கிட்டுக் கொடுத்தால், 1.80 க்கு நூறு பங்குக்கு மூன்று பங்கு வரும். 1.144 ஐ 1.03 ஆல் வகுத்தால் 1.11. பங்கொன்றுக்கான வளர்ச்சி 11%. உரிமை வழங்கலிலும் இப்படித்தான், மொத்த இலாபம் பாய்ந்து ஏறியது போலத் தெரியும், ஒரு பங்குக்குப் பார்த்தால் அடங்கிவிடும்.

தம்பி, எங்கட அரிசி ஆலை சந்தையில் இல்லை. மகன் பங்கு பிரிக்க வேண்டும் என்கிறான். இந்தக் கணக்கு எங்களுக்குச் சரிவருமா?

சரிவரும் ஐயா, ஆனால் இரண்டு எண்ணையும் முதலில் நேராக்க வேண்டும். உங்களுடைய ஆலை போன்ற ஒன்றை எடுப்போம். கணக்குப் புத்தகத்தில் உரிமையாளர் மூலதனம் 20 மில்லியன், வருட இலாபம் 6 மில்லியன். ஆர்ஓஇ 30%. வீட்டுக்கு எடுத்தது 3.6 மில்லியன், நின்றது 2.4. நிறுத்திவைப்பு 40%, வளர்ச்சி 12%. பார்க்க நன்றாக இருக்கும்.

ஆனால் சகோதரர் இருவர் சம்பளம் எடுக்காமல் ஆலையில் நிற்கிறார்கள். ஆளுக்கு மாதம் 75,000 என்றாலும் வருடத்துக்கு 1.8 மில்லியன். இலாபம் 4.2 ஆகிறது. ஆலை நிற்கும் காணி புத்தகத்தில் பழைய விலையில் 4 மில்லியன், இன்றைக்கு 14 பெறும். மூலதனம் 30 மில்லியன். ஆர்ஓஇ 14%. வீட்டுக்கு எடுத்த 3.6 இல் பாதி கூலி, பாதிதான் உண்மையான பங்கிலாபம். நின்றது அதே 2.4 தான், அது 4.2 இல் 57%. வளர்ச்சி 8%. பங்கு பிரிக்கும்போது 30% ஐயும் 12% ஐயும் வைத்துப் பேசினால், வெளியே போகிறவருக்கு ஆலை உழைக்காத காசைக் கொடுக்க வேண்டி வரும்.

கடனையும் பார்க்க வேண்டும். உங்கள் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. வன்னியில் காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வருவதால், அன்றைக்குக் களஞ்சியம் நிறைய நெல்லும் அதற்கு எடுத்த வங்கிக் கடனும் உச்சத்தில் இருக்கும். அந்த ஒரு நாளின் ஐந்தொகையை வைத்துக் கடன் விகிதம் கூட என்றோ குறைவு என்றோ சொல்ல முடியாது. நெல் பெரும்பாலும் விற்று முடிந்த மாதத்தின் கடனையும் சேர்த்து எடுங்கள். 8% வளர்ச்சி என்ற கணக்குக்குள், வங்கியும் கடன் எல்லையை வருடம் 8% கூட்டித் தரும் என்ற எடுகோள் ஒளிந்திருக்கிறது. மூலதனம் 8% கூடி, கடன் எல்லை அப்படியே நின்றால், நெல் வாங்கும் பலம் 8% கூடாது. அப்போது ஆலை எட்டு வீதம் வளராது, நிறுத்திய காசின் ஒரு பகுதி கடனுக்குப் பதிலாகக் களஞ்சியத்தில் இருக்கும், ஆர்ஓஇயும் 14 இலிருந்து இறங்கத் தொடங்கும். பங்கின் விலையைப் பேச உட்காருமுன் வங்கி முகாமையாளரிடம் அடுத்த போகத்துக்கான எல்லையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.